மூலையில் ஓர் இலச்சினை, முழுப் படத்துக்கும் மறுகுறியாக்கம்

கணினியில் காணொளிகளைக் கையாள்வோர் பலரும் கவனித்திருக்கக்கூடிய முரண் ஒன்று உண்டு. பத்து நிமிடக் காணொளி ஒன்றின் முதல் நிமிடத்தை வெட்டிவிட்டு மீதியைத் தனிக் கோப்பாகச் சேமிக்கச் சொன்னால், தகுந்த மென்பொருள் இரண்டொரு நொடிகளில் அதை முடித்துவிடுகிறது. அதே காணொளியின் வலது மேல் மூலையில் சேனலின் இலச்சினையை, அதாவது லோகோவை, ஒட்டச் சொன்னாலோ விசிறி இரைய இரைய நிமிடக்கணக்கில் உழைக்கிறது. வெட்டும் வேலையில் காணொளியின் பத்தில் ஒரு பங்கே போய்விடுகிறது. ஒட்டும் வேலையில் மாறுவதோ மிகச் சிறிய பரப்பு: 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட திரையில் பக்கத்துக்கு 160 புள்ளி உள்ள சதுர இலச்சினை பிடிக்கும் இடம் நூற்றில் ஒன்றேகால் பங்குதான். நூற்றில் ஒன்றேகால் பங்கை மாற்றுவதற்கு ஏன் இவ்வளவு பாடு என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான், ஒரு சேனலின் முந்நூறு காணொளிகளுக்கும் ஒரே கட்டளையில் இலச்சினை ஒட்டும் வேலையை எப்படித் திட்டமிடுவது, அதில் எதை இழக்கிறோம், எங்கே கெட்டுப்போகும் என்பவை விளங்கும்.

முதலில், காணொளி எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். காணொளி என்பது ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து காட்டப்படும் நிலைப்படங்களின் வரிசை. ஒவ்வொரு நிலைப்படத்தையும் ஃபிரேம் அல்லது சட்டகம் என்பர். நொடிக்கு 25 சட்டகங்கள் என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் 15,000 சட்டகங்கள் வருகின்றன. மனிதக் கண் ஒளிச்செறிவின் நுணுக்கத்தை அறியும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தை அறிவதில்லை என்பதால், வழக்கமான காணொளிகளில் ஒளிச்செறிவு ஒவ்வொரு படப்புள்ளிக்கும் தனித்தனியாகவும், நிறம் நான்கு புள்ளிகள் கொண்ட சிறு சதுரத்துக்கு ஒன்றாகவும் பதியப்படுகிறது. இந்தச் சிக்கனத்துக்குப் பிறகும் மேற்சொன்ன பத்து நிமிடத்தை அப்படியே எழுதிவைத்தால் ஏறத்தாழ 47 ஜிகாபைட் ஆகும். ஆனால் வட்டில் கிடக்கும் கோப்போ பெரும்பாலும் 400 மெகாபைட்டுக்கு உட்பட்டதாகவே இருக்கிறது. நூறு மடங்குக்கு மேற்பட்ட இந்தச் சுருக்கத்தைப் பெருமளவுக்குச் சாத்தியமாக்குவது, படங்களை எழுதாமல் படங்களுக்கிடையிலான வேறுபாடுகளை மட்டும் எழுதும் உத்தியாகும்.

மளிகைக் கடையின் பற்றுவரவு நோட்டில் ஒவ்வொரு நாளும் வாடிக்கையாளரின் முழுப் பாக்கியும் எழுதப்படுவதில்லை. மாதத் தொடக்கத்தில் பாக்கியை ஒருமுறை எழுதிவிட்டு, அதன்பின் அன்றன்று கூடியதும் குறைந்ததும் மட்டுமே எழுதப்படுகின்றன. இருபதாம் தேதிப் பாக்கியை அறிய விரும்புபவர் முதல் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். பத்தாம் தேதி வரியை ஒருவர் திருத்தினால், அதற்குப் பிந்தைய வரிகளை யாரும் தொடாவிட்டாலும் மாதக் கடைசி வரை எல்லா நாளின் பாக்கியும் மாறிவிடும். 2003-இல் வெளிவந்து இன்றும் மிகப் பரவலாக வழங்கும் எச்.264 தரத்தில் எழுதப்பட்ட காணொளியும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. தன்னளவில் முழுமையாக எழுதப்பட்ட முதன்மைச் சட்டகம் சில நொடிகளுக்கு ஒன்று வருகிறது. இடைப்பட்ட சட்டகங்கள் எல்லாம் முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களைச் சார்ந்து, வேறுபாட்டை மட்டும் சொல்பவை. காணொளியை வெட்டுவது விரைவாக முடிவதற்குக் காரணமும் இதுவே: முதன்மைச் சட்டகம் ஒன்றிலிருந்து தொடங்கிப் பிந்தைய வரிகளை எழுத்து மாறாமல் நகலெடுத்தால் போதும். அத்தகைய வெட்டு, கேட்ட நொடியில் துல்லியமாக விழாமல் சற்று முன்னே தள்ளி விழுவதைப் பலர் மென்பொருளின் பிழை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது அருகில் முதன்மைச் சட்டகம் இல்லாததன் விளைவு.

அப்படியானால் இலச்சினை விழும் மூலையை மட்டும் திருத்தி எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடலாகாதா என்ற கேள்வி எழும். இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, சார்பு என்பது அதே இடத்தோடு நிற்பதில்லை. சட்டகம் பதினாறுக்குப் பதினாறு புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘முந்தைய சட்டகத்தில் இங்கிருந்து பன்னிரண்டு புள்ளி வலப்புறம் உள்ளதை எடுத்துக்கொள்’ என்பது போன்ற நகர்வுக் குறிப்பு எழுதப்படுகிறது. வானில் ஒரு பறவை வலது மேல் மூலையிலிருந்து இடப்புறமாகப் பறந்தால், மூலைக்கு வெளியே வந்த பறவையின் படம் மூலைக்குள் இருந்த படத்திலிருந்து எடுக்கப்பட்டதாகவே கோப்பில் இருக்கும். அந்த மூலையில் இலச்சினையை வைத்துவிட்டுக் குறிப்புகளை மாற்றாமல் விட்டால், பறவைக்குப் பதிலாக இலச்சினையின் துண்டு திரையின் குறுக்கே பறக்கும். இரண்டாவது தடை எழுத்து முறையிலேயே இருக்கிறது. எச்.264 கோப்புகளில் பெரும்பாலும் கையாளப்படும் எண்கணிதக் குறியாக்கம், அதுவரை எழுதியவற்றைக் கொண்டு அடுத்து வரக்கூடியதன் நிகழ்தகவைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே போகிறது. ஆகவே நடுவில் ஒரு மதிப்பு மாறினால் அந்தச் சட்டகத் துண்டின் எஞ்சிய பிட்டுகள் அனைத்தும் வேறு பொருள் தரத் தொடங்கிவிடும். எனவே வேறு வழியில்லாமல், சுருக்கப்பட்ட கோப்பை முழுதும் விரித்து 15,000 படங்களாக்கி, ஒவ்வொன்றிலும் இலச்சினையைப் பதித்து, மீண்டும் முதலிலிருந்து சுருக்க வேண்டியிருக்கிறது. விரிப்பதைக் குறிநீக்கம் என்றும் சுருக்கி எழுதுவதைக் குறியாக்கம் என்றும் சொல்வர். நேரத்தைப் பெரும்பாலும் தின்பது குறியாக்கமே. பொருத்தமான நகர்வுக் குறிப்பைக் கண்டுபிடிப்பதற்காக ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனையோ இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது குறியாக்கத்தின் பொறுப்பு. குறிநீக்கத்துக்கோ சொன்னதைச் செய்தால் போதும்.

பதிக்கும் வேலை இவற்றோடு ஒப்பிட்டால் மிக எளியது, ஆனால் அதன் பின்னுள்ள கருத்து அழகானது. இலச்சினைக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று மதிப்புகளோடு நான்காவதாக ஒன்றும் ஒவ்வொரு புள்ளிக்கும் இருக்கிறது. அந்தப் புள்ளி எந்த அளவுக்குப் பின்னணியை மறைக்கிறது என்பதைச் சொல்லும் அதனை ஆல்ஃபா என்றும், தமிழில் ஒளிபுகாமை அளவு என்றும் கூறலாம். எண்பது ஒளிச்செறிவுள்ள படப்புள்ளியின்மேல் இருநூற்று நாற்பது ஒளிச்செறிவுள்ள இலச்சினைப் புள்ளி எழுபது விழுக்காடு ஒளிபுகாமையோடு விழுந்தால், பின்னதன் எழுபது பங்கான 168-ம் முன்னதன் முப்பது பங்கான 24-ம் சேர்ந்து 192 என்ற புதிய மதிப்பு கிடைக்கிறது. படத்தோடு இந்த நான்காவது மதிப்பையும் சேர்த்தே வைத்திருக்கும் எண்ணம் 1970-களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் உருவாக்கியது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கான முறையான கணக்கை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் வெளியிட்டனர்.

இலச்சினையைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வருகிறதே என்று புலம்புவோரின் சிக்கல் பெரும்பாலும் இந்த நான்காவது மதிப்பு இல்லாததுதான். ஜேபெக் வகைக் கோப்பு ஒளிபுகாமையை ஏந்துவதில்லை. பிஎன்ஜி வகை ஏந்துகிறது. பெட்டி மறைந்த பிறகும் எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய கருமை தெரிந்தால், இலச்சினையின் நிற மதிப்புகள் முன்கூட்டியே ஒளிபுகாமையால் பெருக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயுற வேண்டும்; ஏற்கெனவே பெருக்கியதை மென்பொருள் இன்னொரு முறை பெருக்குவதால் ஓரம் இருள்கிறது. சிவப்பு மெல்லெழுத்துகள் மட்டும் கலங்கித் தெரிவதற்குக் காரணம் வேறு: நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற சிக்கனத்தில் ஒரு புள்ளி அகலமுள்ள நிறக்கோடு பிழைப்பதில்லை. வெள்ளை அல்லது கறுப்பு இலச்சினைகள் இந்தத் தொல்லைக்கு ஆளாகாமல் துல்லியமாகத் தெரிவது, ஒளிச்செறிவு முழு நுணுக்கத்தோடு பதியப்படுவதால்தான்.

இந்த மூன்று படிகளையும், அதாவது விரித்தல், பதித்தல், சுருக்குதல் ஆகியவற்றை, ஒரே ஓட்டத்தில் செய்யும் கட்டற்ற மென்பொருள் எஃப்எஃப்எம்பெக் ஆகும். பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரீஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய திட்டம் இது. அதற்குப் பொத்தான்களும் சாளரங்களும் இல்லை. முனையத்தில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே காணொளிக்கு இலச்சினை ஒட்டும் கட்டளை பின்வருமாறு அமையும்.

```
ffmpeg -i padam.mp4 -i logo.png \
  -filter_complex "[0:v][1:v]overlay=W-w-40:40[v]" \
  -map "[v]" -map "0:a?" \
  -c:v libx264 -crf 20 -c:a copy veli.mp4
```

இதில் `-i` என்பது உள்ளீட்டுக் கோப்பைக் குறிக்கிறது. கணினி வழக்கப்படி எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குவதால் காணொளி 0 என்றும் இலச்சினை 1 என்றும் எண் பெறுகின்றன. சதுர அடைப்புக்குள் உள்ளவை ஓடைகளின் பெயர்கள்: பூச்சியத்தின் காட்சியோடையையும் ஒன்றின் காட்சியோடையையும் எடுத்து `overlay` என்ற வடிப்பானுக்குள் செலுத்தினால், வெளிவருவது `v` என்று பெயர் பெறுகிறது. வடிப்பான் என்பது படங்கள் கடந்து செல்லும்போது அவற்றில் மாற்றம் செய்யும் நிரல்பகுதி. இலச்சினை எங்கே உட்கார வேண்டும் என்பதை அதற்கு எண்ணாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும்: பெரிய `W` காணொளியின் அகலம், சிறிய `w` இலச்சினையின் அகலம், முன்னதிலிருந்து பின்னதையும் நாற்பது புள்ளி ஓரத்தையும் கழித்தால் இலச்சினையின் இடது விளிம்பு நிற்க வேண்டிய இடம் கிடைக்கிறது. காணொளியின் அகலம் எதுவாயினும் இலச்சினை வலது ஓரத்திலிருந்து நாற்பது புள்ளி தள்ளியே நிற்கும் என்பதால், நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே வரியைப் பயன்படுத்த முடிகிறது. இலச்சினை ஒரே ஒரு படமாக இருக்க, காணொளி 15,000 படங்களாக நீள்கிறதே என்ற ஐயம் வேண்டியதில்லை. கடைசியாகக் கிடைத்த படத்தையே திரும்பத் திரும்பப் பதிப்பது இந்த வடிப்பானின் இயல்பு. இதை அறியாமல் சிலர் `-loop 1` என்பதை இலச்சினைக்கு முன் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது இலச்சினை முடிவில்லாத ஓடையாகி, நிறுத்தும் வழியைத் தனியே சொல்லாவிட்டால் வெளியீடும் முடிவில்லாமல் நீண்டு வட்டை நிரப்பிவிடும்.

கட்டளையின் எஞ்சிய பகுதியில், `-c:a copy` என்பது ஒலியைத் தொடாமல் அப்படியே நகலெடுக்கச் சொல்கிறது. மாறாத ஒன்றை மறுபடி சுருக்கித் தரம் குறைப்பதில் பொருளில்லை. `"0:a?"` என்பதிலுள்ள வினாக்குறி, ஒலியே இல்லாத காணொளி வந்தால் பிழை சொல்லி நிற்காமல் மேலே செல்வதற்கானது. `libx264` என்பது எச்.264 தரத்தில் குறியாக்கும் நிரலகம். `-crf` என்பது தரத்தை நிர்ணயிக்கும் எண். பூச்சியம் முதல் 51 வரை செல்லும் அந்த அளவுகோலில் எண் கூடக்கூடத் தரமும் கோப்பின் அளவும் குறைகின்றன, எதையும் சொல்லாவிட்டால் 23 என்று கொள்ளப்படும், ஆறு கூட்டினால் கோப்பு ஏறத்தாழப் பாதியாகும். இங்கே 20 என்று சற்றுத் தாராளமாக வைத்ததற்குக் காரணம் உண்டு.

குறியாக்கம் என்பது இழப்புள்ள சுருக்கம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களை அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கைவிடுகிறது. ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்ட காணொளியை விரித்து மறுபடி சுருக்கும்போது, இலச்சினை தொடாத எஞ்சிய பரப்பும் இரண்டாம் முறையாக இழக்கிறது. இது வெறும் ஊகம் அன்று என்பதை எவரும் தம் கணினியிலேயே சோதித்து அறியலாம். இரு படங்கள் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதை அளக்க 2004-இல் ஜோ வாங், ஆலன் போவிக், ஹமீத் ஷேக், ஈரோ சிமோன்செல்லி ஆகியோர் முன்வைத்த கட்டமைப்பு ஒப்புமைச் சுட்டெண், எஃப்எஃப்எம்பெக்கில் `ssim` என்ற வடிப்பானாகக் கிடைக்கிறது. அச்சொட்டாக ஒத்த படங்களுக்கு அது 1 என்ற மதிப்பைத் தரும். இலச்சினை இருப்பது வலப்பக்கத்தில் என்பதால், இரு காணொளிகளின் இடப் பாதியை மட்டும் கத்தரித்து ஒப்பிடச் சொல்லலாம்.

```
ffmpeg -i veli.mp4 -i padam.mp4 -filter_complex \
 "[0:v]crop=iw/2:ih:0:0[a];[1:v]crop=iw/2:ih:0:0[b];[a][b]ssim" \
 -an -f null -
```

இலச்சினையின் நிழல்கூட விழாத இடப் பாதியில் கிடைக்கும் மதிப்பு ஒன்றைவிடக் குறைவாகவே இருக்கும். அளவுகோலின்மேல் ஐயம் இருந்தால் சரிபார்க்கவும் வழி உண்டு: அதே காணொளியை `-c copy` கொண்டு மறுகுறியாக்கமின்றி இன்னொரு கோப்பாக்கி, அதே ஒப்பீட்டைச் செய்தால் `All:1.000000` என்று திரையில் வரும். ஆகவே முதல் சோதனையில் தெரிந்த குறைவு அளவுகோலின் கோளாறு அன்று, மறுகுறியாக்கத்தின் விலை. `-crf` எண்ணைக் குறைத்து மறுபடி சோதித்தால் மதிப்பு ஒன்றை நெருங்குவதையும் கோப்பு பருப்பதையும் சேர்த்தே காணலாம். ஆனால் எண்ணை எவ்வளவு குறைத்தாலும் மூலத்தில் இல்லாத தெளிவு வந்துவிடாது. மூலத்தின் கட்டங்கட்டமான கறைகளையும் சேர்த்து மிகுந்த இடச்செலவில் பாதுகாத்ததாகவே முடியும்.

ஒரு காணொளிக்கான கட்டளை சரியாக அமைந்துவிட்டால், முந்நூறுக்கு விரிப்பது எஃப்எஃப்எம்பெக்கின் வேலையன்று. கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்னும் உறைநிரல் அந்த வேலையைச் செய்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள ஷெல்லில் இதற்கான மடக்கு, அதாவது ஒரே செயலைப் பொருள்தோறும் திரும்பச் செய்யும் அமைப்பு, இவ்வாறு எழுதப்படும்.

```
mkdir -p out
for f in *.mp4; do
  [ -e "out/$f" ] && continue
  ffmpeg -nostdin -y -i "$f" -i logo.png \
    -filter_complex "[0:v][1:v]overlay=W-w-40:40[v]" \
    -map "[v]" -map "0:a?" \
    -c:v libx264 -crf 20 -c:a copy \
    out/tmp.mp4 && mv out/tmp.mp4 "out/$f"
done
```

கோப்புறையில் `.mp4` என்று முடியும் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக `f` என்ற மாறிக்குள் வருகின்றன. உள்ளேயுள்ள கட்டளை ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை ஓடுகிறது. இதன் எலும்புக்கூட்டை இரண்டு வரியில் எழுதிவிடலாம். எஞ்சியவை எல்லாம் இரவு முழுதும் ஆளில்லாமல் ஓடும் வேலையில் நேரக்கூடிய கேடுகளுக்கு எதிரான காப்புகள். `"$f"` என்பதைச் சுற்றியுள்ள மேற்கோள் குறிகள் இல்லாவிட்டால், `padam 07.mp4` என்று இடைவெளியுள்ள பெயரைப் பாஷ் ஷெல் இரண்டு சொற்களாகப் பிரித்துவிடும். எஃப்எஃப்எம்பெக் `padam` என்றொரு கோப்பைத் தேடிப் பார்த்து, அப்படி எதுவுமில்லை என்று கைவிரிக்கும். வெளியீடு வேறு கோப்புறைக்குச் செல்வதால் மூலக் கோப்பு அழியும் ஆபத்து இல்லை.

`-nostdin` என்ற சிறுசொல்லுக்கு இருக்கும் வேலை பெரிது. எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசைப்பலகையையும் கவனித்துக்கொண்டிருக்கிறது. யாரேனும் `q` விசையை அழுத்தினால், அதுவரை எழுதியதை ஒழுங்காக முடித்து, வெற்றி என்றே அறிவித்துவிட்டு நின்றுவிடுகிறது. அப்படிக் கிடைத்த பாதிக் காணொளி எந்தக் குறையும் சொல்லாமல் இயங்கும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம். பெயர்ப் பட்டியல் ஒன்றை வரிவரியாக வாசிக்கும் வகை மடக்கிலோ, எஃப்எஃப்எம்பெக் பட்டியலின் எழுத்துகளையே விசைகளாக எண்ணி விழுங்கிவிட, அடுத்த கோப்பின் பெயர் தலையில்லாமல் வந்து சேரும். பெயர்களின் முன்னெழுத்துகள் காணாமற்போகும் விசித்திரப் பிழையைக் கண்டவர்கள் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

இடையில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. பாதியில் நின்ற கோப்பில் அட்டவணை இல்லாததால் அதை இயக்க முயன்றால் `moov atom not found` என்ற செய்தியே மிஞ்சும். ஏற்கெனவே முடிந்தவற்றைத் தாண்டிச் செல் என்று மடக்குக்குச் சொல்லியிருந்தால், பாதியில் நின்ற இந்தக் கோப்பையும் முடிந்ததாக எண்ணித் தாண்டிவிடும். அதனால்தான் மேற்கண்ட மடக்கு முதலில் `tmp.mp4` என்ற தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்எஃப்எம்பெக் வெற்றியோடு முடிந்தால் மட்டுமே உரிய பெயருக்கு மாற்றுகிறது. `&&` என்பதன் பொருள் அதுவே. மின்சாரம் திரும்பியதும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் மடக்கின் எழுத்திலக்கணம் வேறு, கருத்து ஒன்றுதான்.

பத்து நிமிடப் பாடங்கள் முந்நூறு கொண்ட ஒரு சேனலை எடுத்துக்கொண்டால், நொடிக்கு 25 வீதம் மொத்தம் 45 இலட்சம் சட்டகங்கள் ஆகின்றன. வேலை நடக்கும்போது எஃப்எஃப்எம்பெக் `fps=` என்று திரையில் காட்டும் எண், தொடக்கத்திலிருந்து சராசரியாக நொடிக்கு எத்தனை சட்டகங்கள் முடிகின்றன என்பதைச் சொல்கிறது. அது நூறு என்றால் 45,000 நொடிகள், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் பிடிக்கும். நாற்பது என்றால் முப்பத்தொரு மணிக்கு மேல். ஆகவே `-t 20` என்பதைக் கட்டளையில் வெளியீட்டுப் பெயருக்கு முன் சேர்த்து, இருபது நொடித் துண்டு ஒன்றை மட்டும் முதலில் ஓட்டிப் பார்ப்பவர், இலச்சினையின் இடத்தையும் அளவையும் மட்டுமன்றி முழு வேலைக்குமான நேரத்தையும் அறிந்துகொள்கிறார். நேரம் மிகுதியெனில் திரையட்டைகளில் உள்ள வன்பொருள் குறியாக்கியைப் பயன்படுத்தலாம். அது வேகமாக முடிக்கும், ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பொதுவாகப் பெரிதாகும். ஒரு பாடம் 375 மெகாபைட் எனில் மூலங்களுக்கே 112 ஜிகாபைட்டுக்கு மேல் இருக்க, ஏறத்தாழ அதே அளவு காலியிடம் வெளியீட்டுக்கும் வேண்டும் என்பதை மறந்துவிட்டுத் தொடங்கி, நள்ளிரவில் வட்டு நிரம்பி நின்றுபோகும் வேலைகள் ஏராளம்.

முந்நூறும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பது அரிது. பழைய பாடங்கள் 1280 புள்ளி அகலத்தில் இருந்தால், 1920-க்கு அளவாகத் தெரிந்த 160 புள்ளி இலச்சினை அவற்றில் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். இடத்தைக் கணக்காகச் சொன்னாலும் அளவை எண்ணாகவே விட்டதன் விளைவு இது. அகலத்துக்கேற்ப இலச்சினையை மாற்றும் வடிப்பான் உண்டு. ஆயினும் மென்பொருளின் பதிப்புக்குப் பதிப்பு அதன் எழுத்துமுறை மாறியிருப்பதால், கோப்புகளை அகலவாரியாகக் கோப்புறைகளில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய அளவில் இலச்சினையைத் தயார்செய்து, மடக்கைத் தனித்தனியே ஓட்டுவதே குழப்பமற்ற வழி. பிரிக்கும்போது கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த காணொளிகளிடம் எச்சரிக்கை தேவை: பல கைப்பேசிகள் படத்தைப் படுக்கைவாட்டிலேயே பதிந்து, ‘காட்டும்போது திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் சேர்க்கின்றன. கோப்பின் விவரங்களைச் சொல்லும் `ffprobe` அகலம் 1920 என்று அறிவிக்கும். ஆனால் எஃப்எஃப்எம்பெக் விரிக்கும்போது தானாகவே திருப்பிவிடுவதால் இலச்சினை விழும் படத்தின் அகலம் 1080-ஆகவே இருக்கும்.

வேலை முடிந்ததும் முந்நூறையும் உட்கார்ந்து பார்ப்பது இயலாது. ஆனால் இரண்டு சோதனைகள் பெரும்பாலான கோளாறுகளைப் பிடித்துவிடும். மூலத்தின் நீளத்தையும் வெளியீட்டின் நீளத்தையும் அடுத்தடுத்த வரிகளில் அச்சிடுவது முதலாவது.

```
for f in *.mp4; do
  for g in "$f" "out/$f"; do
    ffprobe -v error -show_entries format=duration \
      -of csv=p=0 "$g"
  done
  echo "$f"
done
```

இரு எண்களும் நொடியின் சிறு பின்னத்துக்குள் வேறுபட்டால் கவலையில்லை. நொடிக்கணக்கில் வேறுபட்டால், மூலக்கோப்பு நடுவில் பழுதாகியிருக்கிறது அல்லது வேலை இடையில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். பழுதான பகுதியை முடிந்தவரை தாண்டிச் செல்வது எஃப்எஃப்எம்பெக்கின் சுபாவம் என்பதால், வெற்றி என்ற அதன் அறிவிப்பை மட்டும் நம்பியிருக்கலாகாது. இரண்டாவதாக, ஒவ்வொரு வெளியீட்டிலிருந்தும் ஒரு நிலைப்படத்தை எடுத்துக் கோப்புறையில் சிறுபடங்களாகப் பரப்பிப் பார்த்தால், இலச்சினை பெருத்தும் இடம் மாறியும் நிற்பவை பார்த்த மாத்திரத்தில் தனித்துத் தெரியும்.

இவ்வளவு உழைப்பும் தேவைதானா என்பது தனிக் கேள்வி. யூடியூபில் மட்டும் வெளியாகும் காணொளிகளுக்கு, சேனலின் அமைப்புகளில் ஒருமுறை இலச்சினையை ஏற்றிவிட்டால், இயக்கியே அதைக் காணொளியின்மேல் காட்டுகிறது. கோப்பு தொடப்படுவதில்லை, தரமும் குறைவதில்லை. ஆனால் அந்த இலச்சினை இயக்கிக்குச் சொந்தமே தவிரப் படத்துக்குச் சொந்தமன்று. காணொளியைத் தரவிறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புபவரோடு அது போவதில்லை. தொலைக்காட்சி நிலையங்கள் ஒளிபரப்புக்காகக் குறியாக்கும் கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்பே இலச்சினையைச் சேர்க்கின்றன. எப்படியும் நடக்கவேண்டிய குறியாக்கத்தோடு இலச்சினையும் சேர்ந்துவிடுவதால், அதற்கென்று தனி இழப்பு அங்கே இல்லை. இனி தயாரிக்கும் காணொளிகளுக்கும் இதுவே சரியான முறை: தொகுப்பு மென்பொருளிலிருந்து இறுதிக் கோப்பை எடுக்கும்போதே இலச்சினையைச் சேர்த்துவிட வேண்டும். மடக்கும் மறுகுறியாக்கமும் ஏற்கெனவே குவிந்துவிட்டவற்றுக்கு மட்டுமே உரியவை.

படத்தில் ஒருமுறை பதிந்த இலச்சினையைப் பழுதின்றி எடுக்க வழியில்லை. எஃப்எஃப்எம்பெக்கில் `delogo` என்றொரு வடிப்பான் இருந்தாலும், அது சுற்றுப்புறப் புள்ளிகளைக் கொண்டு அந்த இடத்தை ஒப்பேற்றுகிறதே தவிர, மறைந்ததை மீட்பதில்லை. நாளை சேனலின் இலச்சினை மாறினால் வேலையை மீண்டும் தொடங்க வேண்டியது இலச்சினை இல்லாத மூலங்களிலிருந்துதான். எனவே `out` கோப்புறை நிறைந்தவுடன் வட்டில் இடம் போதவில்லை என்று மூலங்களை அழித்துவிடாமல், தனி வட்டில் நகலெடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம்.